மூன்று கதவுப் புதிர்: பத்தாயிரம் முறை ஓட்டியும் 50% தான் வருகிறது

செந்தாழை | 3 பிப்ரவரி, இரவு 9.12

மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நான் ஒரு கதவைச் சொல்கிறேன். தொகுப்பாளர் மீதி இரண்டில் ஒன்றைத் திறக்கிறார், ஆடு நிற்கிறது. "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார். மாற்றினால் மூன்றுக்கு இரண்டு முறை கார் கிடைக்கும் என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது ஒப்பவே இல்லை. இரண்டு கதவு மீதி இருக்கிறது, ஒன்றில் கார் இருக்கிறது, அப்புறம் எப்படிப் பாதிக்கு மேல் போகும்?

வாய்ச்சண்டை வேண்டாம் என்று பைத்தானில் எழுதி ஓட்டிப் பார்த்தேன்.

```python
import random

def game():
    car = random.randint(1, 3)
    pick = random.randint(1, 3)
    opened = random.choice([d for d in (1, 2, 3) if d != pick])
    if opened == car:
        return None
    other = 6 - pick - opened
    return other == car

results = [game() for _ in range(10000)]
valid = [r for r in results if r is not None]
print(len(valid), sum(valid))
```

செல்லுபடியான ஆட்டங்கள் 6,658. அதில் மாற்றி ஜெயித்தது 3,341. சரிபாதி. பத்து லட்சம் முறை ஓட்டினாலும் இதேதான். உலகமே தப்பாகச் சொல்கிறதா, இல்லை என் நிரலில் ஏதாவது ஓட்டையா?

வடகரை | 3 பிப்ரவரி, இரவு 10.05

உங்கள் நிரலில் ஓட்டை இல்லை. அது ஆடுகிற ஆட்டத்துக்கு 50% தான் சரியான விடை. ஆனால் அது வேறு ஆட்டம்.

`opened` என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். உங்கள் தொகுப்பாளருக்குக் கார் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் சொல்லாத இரண்டு கதவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் திறக்கிறார். சில சமயம் காரையே திறந்துவிடுகிறார். அந்த ஆட்டத்தை நீங்கள் `None` என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். புதிரில் வருகிற தொகுப்பாளர் அப்படி இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும், காரை ஒருநாளும் திறக்கமாட்டார்.

பத்தாயிரத்தில் 6,658 போக 3,342 ஆட்டங்கள் ஒதுங்கியிருக்கின்றன. அந்த ஆட்டங்களில் `pick` என்னவாக இருந்தது என்று அச்சடித்துப் பாருங்கள். ஒன்றில்கூட உங்கள் முதல் தேர்வு கார் ஆக இருக்காது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் கார் அவர் திறந்த கதவில் இருந்தது. அதாவது நீங்கள் ஒதுக்கியது எல்லாமே முதலில் தப்பாகத் தேர்ந்தெடுத்த ஆட்டங்கள். புதிரின் விதிப்படி அந்தத் தொகுப்பாளர் பக்கத்துக் கதவைத் திறந்திருப்பார், மாற்றுகிறவர் அத்தனையிலும் ஜெயித்திருப்பார்.

3,341-உடன் அந்த 3,342-ஐச் சேருங்கள். 6,683. பத்தாயிரத்தில் மூன்றில் இரண்டு.

பச்சைமிளகாய் | 3 பிப்ரவரி, இரவு 10.31

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. நீங்கள் முதலில் தொட்ட கதவுக்கு 1/3. மீதி இரண்டுக்கும் சேர்த்து 2/3. தொகுப்பாளர் ஒன்றைத் திறந்ததும் அந்த 2/3 முழுக்க மிச்சமிருக்கிற கதவுக்குப் போய்விடுகிறது. தொட்ட கதவின் 1/3 மாறாது, ஏனென்றால் அதை யாரும் திறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். தொகுப்பாளருக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? திறந்த கதவில் ஆடு இருந்தால் சரி.

வடகரை | 3 பிப்ரவரி, இரவு 11.20

பச்சைமிளகாய், விடை சரி, காரணம் பாதிதான் சரி. நீங்கள் சொன்ன அதே வாக்கியங்களைச் செந்தாழையின் நிரலுக்கும் சொல்லலாம். அங்கேயும் தொட்ட கதவுக்கு 1/3, மீதிக்கு 2/3, ஒன்று திறந்ததும் ஆடு. ஆனால் அங்கே வருவது 50%. அவருடைய ஓட்டமே உங்கள் கடைசி வரிக்கு எதிர்ச்சாட்சி.

1/3 தானாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. தெரிந்த தொகுப்பாளர் எப்படியும் ஒரு ஆட்டைக் காட்டத்தான் போகிறார். நீங்கள் சரியாகத் தொட்டிருந்தாலும் காட்டுவார், தப்பாகத் தொட்டிருந்தாலும் காட்டுவார். அதனால் ஆட்டைப் பார்த்ததில் உங்கள் கதவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. தெரியாத தொகுப்பாளர் விஷயம் அப்படி இல்லை. நீங்கள் சரியாகத் தொட்டிருந்தால் அவர் திறப்பது நிச்சயம் ஆடு. தப்பாகத் தொட்டிருந்தால் பாதி நேரம் கார் வெளியே வந்துவிடும். வரவில்லை என்பதே, நீங்கள் சரியாகத் தொட்டிருக்கலாம் என்ற பக்கம் கொஞ்சம் கனம் சேர்க்கிறது. அந்தக் கனம்தான் 1/3-ஐ 1/2 ஆக்குகிறது.

செந்தாழை | 4 பிப்ரவரி, காலை 6.50

ராத்திரியே மாற்றி ஓட்டிவிட்டேன். ஒரே வரிதான் மாற்றம்:

```python
opened = random.choice([d for d in (1, 2, 3) if d != pick and d != car])
```

`None` ஒன்றுகூட வரவில்லை. மாற்றினால் 66 புள்ளி சொச்சம். ஒதுக்கிய ஆட்டங்களையும் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான், ஒன்றில்கூட `pick == car` இல்லை.

ஆனால் இன்னும் மனசு ஏற்கவில்லை. மேடையில் நிற்கிறவனுக்கு இரண்டு ஆட்டமும் ஒரே காட்சிதானே? நான் 1 என்றேன், அவர் 3-ஐத் திறந்தார், ஆடு. அவர் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்பது எப்படிக் காரின் இடத்தை மாற்றும்?

தேநீர்க்கடை | 4 பிப்ரவரி, காலை 8.15

நாங்கள் நேற்று மூன்று டம்ளரைக் கவிழ்த்து வைத்து, ஒன்றுக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் போட்டு ஆடிப் பார்த்தோம். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் மாற்றினேன். பதினொன்றுதான் கிடைத்தது. கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமானாலும் வரும், கையில் ஆடினால் பாதிக்குப் பாதிதான்.

வடகரை | 4 பிப்ரவரி, காலை 9.40

தேநீர்க்கடை, இருபது ஆட்டத்தில் பதினொன்று என்பது எந்தப் பக்கமும் பேசாது. மூன்றில் இரண்டு உண்மை என்றால் சராசரியாக 13 கிடைக்க வேண்டும், ஆனால் இரண்டு கூடக் குறைய ஆவது சர்வசாதாரணம். பாதிக்குப் பாதி உண்மை என்றால் சராசரி 10, அங்கேயும் இரண்டு கூடக் குறைய ஆகும். 11 இரண்டு வீட்டுக்கும் உறவு.

முந்நூறு ஆட்டம் ஆடினால் ஒரு பக்கம் 200-ஐச் சுற்றி நிற்கும், இன்னொரு பக்கம் 150-ஐச் சுற்றி நிற்கும். இரண்டிலும் வழக்கமான ஏற்ற இறக்கம் எட்டு ஒன்பதுதான். குழப்பத்துக்கு இடமே இருக்காது. இந்தக் கேள்விக்கு முந்நூறே போதும். பத்தாயிரம் ஓட்டினால் 6,667-க்கு மேலும் கீழும் நூறுக்குள் பெரும்பாலும் நிற்கும், அதற்கு மேல் ஓட்டுவது கணினிக்குத்தான் வேலை. செந்தாழை பத்து லட்சம் ஓட்டியும் 50% மாறவில்லை என்றார். மாறாது. எண்ணிக்கையைக் கூட்டினால் அலைச்சல் குறையும், விதி தப்பாக இருந்தால் அந்தத் தப்பு விடையே இன்னும் துல்லியமாக வரும்.

இன்னொன்று. நாணயத்தை வைத்தது யார், டம்ளரைத் தூக்கியது யார்? தூக்கியவருக்கு நாணயம் எங்கே என்று தெரியுமா?

தேநீர்க்கடை | 4 பிப்ரவரி, காலை 10.02

வைத்தது மாமா. தூக்கியது என் தம்பி. அவன் அப்போது வெளியே போய் நின்றான். நாணயம் வெளியே வந்தால் அந்த ஆட்டம் கணக்கில் இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஓ.

வடகரை | 4 பிப்ரவரி, பகல் 1.30

செந்தாழையின் கேள்விக்கு வருகிறேன், அதுதான் இந்தப் புதிரின் நடு.

தொகுப்பாளர் மண்டைக்குள் இருப்பது காரை நகர்த்தாது. ஆனால் அந்தக் காட்சி எத்தனை முறை, எந்தெந்த ஏற்பாட்டில் உங்கள் முன்னால் வரும் என்பதை அது முடிவு செய்கிறது. நிகழ்தகவு என்று நாம் எண்ணுவது அதைத்தான். "நான் 1 என்றேன், அவர் 3-ஐத் திறந்தார், ஆடு" என்ற காட்சியை மட்டும் இரண்டு நிரலிலும் வடிகட்டி எடுத்துப் பாருங்கள். 1-ஐத் தொட்ட ஆட்டங்கள் ஆறாயிரம் என்று வைத்துக்கொள்வோம். கார் ஒவ்வொரு கதவிலும் இரண்டாயிரம் முறை.

தெரிந்த தொகுப்பாளர்: கார் 1-ல் இருந்தால் அவருக்கு 2, 3 எதுவும் திறக்கலாம், பாதிக்குப் பாதி, ஆக 3-ஐத் திறப்பது ஆயிரம். கார் 2-ல் இருந்தால் 3-ஐத் தவிர வழியில்லை, இரண்டாயிரமும் 3 தான். கார் 3-ல் இருந்தால் 3-ஐத் திறக்கவேமாட்டார். மொத்தம் மூவாயிரம் முறை இந்தக் காட்சி, அதில் இரண்டாயிரத்தில் கார் 2-ல்.

தெரியாத தொகுப்பாளர்: கார் 1-ல் இருந்தால் அதே ஆயிரம். கார் 2-ல் இருக்கும்போது அவர் பாதி நேரம் 2-ஐயே திறந்து காரைக் காட்டிவிடுகிறார், ஆகவே 3-ஐத் திறப்பது ஆயிரம்தான். மொத்தம் இரண்டாயிரம் காட்சி, அதில் ஆயிரம்.

காட்சி ஒன்றுதான். வந்து சேரும் ஆட்டங்களின் எண்ணிக்கைதான் வேறு.

வடகரை | 4 பிப்ரவரி, இரவு 9.55

மேலே எழுதியது எண்ணிக்கையாகச் சரி. ஆனால் எனக்கு இது உறைத்தது எண்ணிக்கையில் இல்லை, சீட்டில். அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா மகனுடன் ஒரு கோடை விடுமுறையில் இதை ஆடினேன். இரண்டு கறுப்புச் சீட்டு, ஒரு ஹார்ட்டின் ராஜா. அவன் தேர்ந்தெடுப்பவன், நான் தொகுப்பாளர். சீட்டுகளை எனக்கு மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டேன். அவன் ஒன்றைச் சொன்னதும் என் கையில் இரண்டு சீட்டு மிச்சம். அதில் ஒரு கறுப்பைக் கீழே போட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. பெரும்பாலான ஆட்டத்தில் எனக்கு எதைப் போடுவது என்ற யோசனையே இல்லை. கையில் ராஜாவும் ஒரு கறுப்பும் இருக்கும். கறுப்பைப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது, ராஜா கையிலேயே நிற்கும். எப்போதாவதுதான் இரண்டும் கறுப்பாக வந்து, எதைப் போடலாம் என்று விரல் ஒரு கணம் நிற்கும். அந்தத் தயக்கம் வருகிற ஆட்டம்தான் அவன் மாற்றினால் தோற்கிற ஆட்டம். என் கை மூன்றுக்கு இரண்டு தடவை கட்டிப்போடப்பட்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்து "ரெண்டு சீட்டு தானே மாமா, எதுவானாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இடத்தை மாற்றி அவனைத் தொகுப்பாளராக உட்கார வைத்தேன். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை.

செந்தாழை, நிரலை ஓட்டுவதை விட, ஒரு அரைமணி நேரம் தொகுப்பாளராக இருந்து பாருங்கள்.

நாகலிங்கப்பூ | 5 பிப்ரவரி, காலை 7.20

தலைப்பைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு பழைய சந்தேகம். கோடி ரூபாய்க் கேள்வி நிகழ்ச்சிகளில் நான்கு விடை கொடுத்து, உதவி கேட்டால் தப்பான இரண்டை நீக்கிவிடுவார்கள் இல்லையா? வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு நானும் மனசுக்குள் ஒரு விடையைக் குருட்டாம்போக்கில் நினைத்துக்கொள்வேன். இரண்டு நீங்கியபின் என் விடை மிச்சம் இருந்தால் உடனே இன்னொன்றுக்கு மாறிவிடுவேன், இந்தப் புதிரை எங்கோ படித்ததிலிருந்து. நான்கில் ஒன்று என்றால் மாற்றினால் நான்கில் மூன்று இல்லையா? ஆனால் அப்படி ஒன்றும் அதிகம் ஜெயிக்கிற மாதிரி தெரியவில்லை.

பச்சைமிளகாய் | 5 பிப்ரவரி, காலை 7.58

அது இந்தப் புதிரே இல்லை, வேறு இழையில் கேளுங்கள்.

வடகரை | 5 பிப்ரவரி, காலை 8.45

இல்லை பச்சைமிளகாய், இது இங்கேயேதான் சேரும்.

நாகலிங்கப்பூ, விடைகளை நீக்குகிற கணினிக்குச் சரியான விடை தெரியும். அந்த அளவில் அது நம் தொகுப்பாளர் மாதிரி. ஆனால் நீங்கள் மனசுக்குள் எதை நினைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது, அதனால் உங்கள் விடையைக் காப்பாற்றி வைக்காது. புதிரில் தொகுப்பாளர் நீங்கள் தொட்ட கதவை ஒருநாளும் திறக்கமாட்டார். டிவியில் உங்கள் விடையே நீங்கிப்போகலாம். பாதி நேரம் அப்படித்தான் போயிருக்கும், கவனித்திருப்பீர்கள்.

கணக்கு இப்படி. நான்காயிரம் கேள்வி என்று வையுங்கள். ஆயிரத்தில் உங்கள் குருட்டு விடை சரி, அது எப்போதும் மிச்சம் நிற்கும். மூவாயிரத்தில் தப்பு. மூன்று தப்பு விடைகளில் ஒன்றைத்தான் அவர்கள் மிச்சம் வைக்கிறார்கள், அது உங்களுடையதாக இருப்பது ஆயிரம் முறை. ஆக உங்கள் விடை மிச்சம் இருக்கும் இரண்டாயிரம் கேள்வியில் ஆயிரம் சரி, ஆயிரம் தப்பு. மாறினாலும் ஒன்று, மாறாவிட்டாலும் ஒன்று. குருட்டாகத் தேர்ந்தால்தான் இது. கொஞ்சம் தெரிந்து தேர்ந்திருந்தால் மாறாமல் இருப்பதே நல்லது.

நாகலிங்கப்பூ | 5 பிப்ரவரி, காலை 9.10

அப்போது இத்தனை வருஷமாக வீணாக மாறிக்கொண்டிருந்தேனா! ஓட்டிப் பார்க்கத் தெரியாது, ஆனால் இது புரிகிறது. என் விடையே காணாமல் போனது நிறைய உண்டு.

பச்சைமிளகாய் | 5 பிப்ரவரி, மாலை 6.30

சரி, நானும் எழுதிவிட்டேன். என் தொகுப்பாளருக்குக் கார் தெரியும். `random` கூட வேண்டாம் என்று எளிதாக வைத்தேன், 1-லிருந்து பார்த்துக்கொண்டு வந்து முதலில் கண்ணில் படும் ஆட்டைத் திறக்கிறார்:

```python
opened = next(d for d in (1, 2, 3) if d != pick and d != car)
```

மூன்றில் இரண்டு கச்சிதமாக வருகிறது. நான் சொன்ன 1/3, 2/3 தான். விவாதம் முடிந்தது.

பழைய வாத்தியார் | 5 பிப்ரவரி, இரவு 8.20

முடியவில்லை தம்பி. நாற்பது வருஷம் கல்லூரியில் புள்ளியியல் எடுத்தவன், இதில் ஒரு சங்கதி இருக்கிறது.

உங்கள் நிரலில் `pick` 1 ஆக இருக்கும் ஆட்டங்களை மட்டும் எடுங்கள். அவர் 2-ஐத் திறந்த ஆட்டங்கள் ஒரு குவியல், 3-ஐத் திறந்தவை ஒரு குவியல். இரண்டுக்கும் தனித்தனியாக மாற்றி ஜெயித்த விகிதம் போடுங்கள்.

பச்சைமிளகாய் | 5 பிப்ரவரி, இரவு 9.05

போட்டேன் சார். 2-ஐத் திறந்தால் பாதிக்குப் பாதி. 3-ஐத் திறந்தால் நூற்றுக்கு நூறு. மறுபடி ஓட்டினேன், அதேதான். மொத்தமாகச் சேர்த்தால் மூன்றில் இரண்டு. இது என்ன கூத்து?

பழைய வாத்தியார் | 5 பிப்ரவரி, இரவு 9.40

உங்கள் தொகுப்பாளருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நீங்கள் 1-ஐத் தொட்டபின் முடிந்தால் 2-ஐத் திறப்பார், 2-ல் கார் இருந்தால்தான் 3-க்குப் போவார். ஆகவே அவர் 3-ஐத் திறந்தார் என்றால் கார் 2-ல் என்று கத்திச் சொன்ன மாதிரி. 2-ஐத் திறந்தால் கார் 1-லோ 3-லோ, எது என்று தெரியாது. முதல் குவியல் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு. பாதியையும் முழுசையும் அந்தப் பங்கில் கலந்தால் மூன்றில் இரண்டு வந்துவிடுகிறது.

உங்கள் 1/3 மாறாது என்ற விதி இங்கேயும் நிற்கவில்லை பாருங்கள். ஒரு குவியலில் அது 1/2, இன்னொன்றில் பூஜ்யம். இரண்டு ஆடும் கையில் இருக்கும்போது எதைத் திறப்பது என்று தொகுப்பாளர் சமமாகப் பூவா தலையா போட்டால்தான் ஒவ்வொரு குவியலிலும் தனித்தனியாக 2/3 வரும். அதனால்தான் செந்தாழை தம்பியின் `random.choice` முக்கியம்.

இது ஏதோ நுணுக்கத்துக்காகச் சொல்வது இல்லை. ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் 1975-ல் ஒரு அமெரிக்கப் புள்ளியியல் இதழுக்கு இந்தப் புதிரைக் கடிதமாக எழுதினார். பலர் மறுத்து எழுதவே, அதே ஆண்டு இரண்டாவது கடிதம். அதில்தான் தொகுப்பாளருக்கு இரண்டும் திறக்கலாம் என்று இருந்தால் குருட்டாக ஒன்றைத் திறப்பார் என்ற நிபந்தனையை வெளிப்படையாகப் போட்டார். மாண்டி ஹால் என்ற அமெரிக்க டிவி தொகுப்பாளரை வைத்து மாண்டி ஹால் புதிர் என்ற பெயர் வந்ததும் அந்தக் கடிதத்திலிருந்துதான்.

வடகரை | 5 பிப்ரவரி, இரவு 10.30

வாத்தியார் சார் சொன்னதோடு ஒன்று: எந்தப் பழக்கம் உள்ள தொகுப்பாளராக இருந்தாலும், அவர் எப்போதும் ஆட்டைத்தான் திறப்பார், எப்போதும் மாற்ற விடுவார் என்றால், எந்தக் குவியலிலும் மாற்றுகிறவரின் பங்கு பாதிக்குக் கீழே போவதில்லை. ஆகவே பழக்கம் தெரியாவிட்டாலும் மாற்றுவதில் நஷ்டம் இல்லை. பச்சைமிளகாயின் நிரல் முடிவாகச் சொல்லும் ஆலோசனை சரிதான். மேடையில் நிற்கிறவருக்கு அது தருகிற எண்தான் தப்பு. அவர் கண்முன்னால் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறது, மொத்தச் சராசரி அவருக்கு எதற்கு?

இதனால் நான் யாருடைய நிரலைப் பார்த்தாலும் மொத்த விகிதத்தோடு நிறுத்துவதில்லை. முதலில் ஒரு இருபது ஆட்டத்தை வரிவரியாக அச்சடித்துக் கண்ணால் படிப்பேன்: `car`, `pick`, `opened`. அப்புறம் `pick`, `opened` ஜோடிக்கு ஜோடி எண்ணிப் பார்ப்பேன். ஆறு ஜோடிகளும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பச்சைமிளகாய் நிரலில் வராது, அங்கேயே பிடிபட்டுவிடும்.

தேநீர்க்கடை | 6 பிப்ரவரி, காலை 8.00

மாமாவையே தூக்கச் சொல்லி ஆடினோம். கடையில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஆடி ஒரு நோட்டில் கோடு போட்டார்கள். மாற்றியவர்கள் தெளிவாக முன்னால். மாமா சொன்னது: "பாதி நேரம் எனக்கு எந்த டம்ளரைத் தூக்குறதுன்னு சாய்ஸே இல்லைடா." வடகரை சொன்னது போலவே.

நூறு டம்ளர் வைத்து 98-ஐத் தூக்கினால் உடனே புரியும் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அது சரியா?

வடகரை | 6 பிப்ரவரி, காலை 10.15

நூறு கதவு நல்ல உதாரணம், அதிலும் அதே எச்சரிக்கை உண்டு. தெரிந்த தொகுப்பாளர் 98 ஆட்டைத் திறந்தால் மாற்றுகிறவருக்கு 99%. தெரியாதவர் குருட்டாக 98-ஐத் திறந்து, அத்தனையிலும் ஆடாகவே வந்துவிட்டால், அப்போதும் பாதிக்குப் பாதிதான். நம்பாதவர்கள் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் பொறுமை வேண்டும்: பத்தாயிரத்தில் ஏறக்குறைய இருநூறுதான் தேறும், மீதி எல்லாவற்றிலும் கார் நடுவிலேயே வெளிவந்துவிடும். அந்த இருநூறில் நூறு நீங்கள் முதலிலேயே சரியாகத் தொட்டவை, நூறு கார் கடைசிக் கதவில் தப்பிப் பிழைத்தவை.

நூறில் எல்லாருக்கும் சட்டென்று புரிவது, தொகுப்பாளர் அந்த ஒரு கதவை விட்டுவிட்டுத் தாண்டிப் போகிறார் என்ற உணர்வால். அவருக்குத் தெரியும் என்பதை நாம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம்.

செந்தாழை | 6 பிப்ரவரி, இரவு 7.45

எனக்கு இப்போது விடையில் சந்தேகம் இல்லை. ஓட்டினேன், பிரித்து எண்ணினேன், சீட்டிலும் ஆடினேன். ஆனால் முதலில் நிரல் 66 காட்டியபோது, ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, புரியவில்லை. அந்த நிலைமை பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கும் இப்படித்தானா?

பழைய வாத்தியார் | 6 பிப்ரவரி, இரவு 9.00

பால் எர்டிஷுக்கே அப்படித்தான் தம்பி. கணித மேதை. அவருடைய நண்பர் வாஷோனி இந்தப் புதிரைச் சொல்லி, மாற்ற வேண்டும் என்றபோது, அவர் ஏற்கவே இல்லை. முடிவு மரம் வரைந்து காட்டியும் பயனில்லை. கடைசியில் வாஷோனி கணினியில் ஓட்டிக் காட்டினார். விடையை ஒத்துக்கொண்டார், ஆனால் காரணம் தெரியவில்லையே என்ற மனக்குறை போகவில்லை. ரான் கிரஹாம் விளக்கியபின்தான் சமாதானமானார்.

1990-ல் மேரிலின் வாஸ் சாவந்த் பத்திரிகைப் பத்தியில் மாற்றுங்கள் என்று எழுதியபோது ஆயிரக்கணக்கில் கடிதங்கள், முனைவர் பட்டக்காரர்கள் உட்பட. அவர் அடுத்தடுத்த பத்திகளில் விளக்கிப் பார்த்தும் அடங்கவில்லை. பள்ளிகளில் வகுப்புப் பிள்ளைகளே ஆடிப் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் ஆடி எண்ணி எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் எதிர்ப்பு தணிந்தது.

வடகரை | 7 பிப்ரவரி, காலை 6.40

அந்தப் பத்தியில் வந்த கேள்வியில் தொகுப்பாளருக்குத் தெரியும் என்று இருந்தது. ஆனால் எப்போதும் கதவைத் திறந்து, எப்போதும் மாற்ற விடுவார் என்று இல்லை. அந்த ஓட்டையை மாண்டி ஹாலே விரல் வைத்துக் காட்டினார். 1975-ல் செல்வினுக்கு எழுதிய கடிதத்தில், என் நிகழ்ச்சிக்கு வந்தால் தேர்வை மாற்றிக்கொள்ள விடமாட்டேன் என்றார். 1991-ல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவரை வீட்டில் உட்கார வைத்து ஆடிக் காட்டினார். நிருபர் தப்பாகத் தொட்டால் உடனே அந்தக் கதவைத் திறந்து ஆட்டைக் கொடுத்துவிட்டார். சரியாகத் தொட்டால் மட்டும் மாற்றச் சொல்லி ஆசை காட்டினார். அந்த ஆட்டத்தில் மாற்றுகிறவருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

செந்தாழை | 7 பிப்ரவரி, இரவு 8.30

அதையும் நிரலில் போட முடியுமா? எப்போதும் வஞ்சகன் என்று இல்லாமல், பாதி வஞ்சகன்?

வடகரை | 7 பிப்ரவரி, இரவு 10.10

முடியும். சரியாகத் தொட்டால் எப்போதும் மாற்ற அழைக்கிறார். தப்பாகத் தொட்டால் `m` என்ற பங்கு முறைதான் அழைக்கிறார், மற்ற நேரம் ஆட்டம் அங்கேயே முடிகிறது:

```python
if pick != car and random.random() > m:
    return None
```

இதை `opened` வரிக்கு முன்னால் வைத்து, அழைப்பு வந்த ஆட்டங்களை மட்டும் எண்ணுங்கள். மாற்றினால் ஜெயிப்பது `2*m / (1 + 2*m)`. `m` 1 என்றால் நமக்குத் தெரிந்த மூன்றில் இரண்டு. `m` பாதி என்றால் சரிபாதி. அதற்குக் கீழே போனால் மாற்றாமல் நிற்பதே நல்லது. இந்த முறை `None` சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் அழைப்பு வராத ஆட்டத்தில் மாற்றுவதா என்ற கேள்வியே எழுவதில்லை.

பச்சைமிளகாய் | 7 பிப்ரவரி, இரவு 10.25

அப்போது `m` எவ்வளவு என்று யார் சொல்வது?

வடகரை | 7 பிப்ரவரி, இரவு 10.40

நிரல் சொல்லாது. அந்தத் தொகுப்பாளர் முன்பு நடத்திய ஆட்டங்களை உட்கார்ந்து எண்ணினால் ஒரு மதிப்பு கிடைக்கும், அதுவும் தப்பாகத் தொட்டவர்களில் எத்தனை பேரை மாற்ற அழைத்தார் என்று தனியாகக் குறித்திருந்தால்தான்.

பழைய வாத்தியார் | 8 பிப்ரவரி, காலை 7.15

அப்படி எண்ணினாலும், தன்னை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் அவர் `m`-ஐ மாற்றிவிடுவார் தம்பி. அதற்கு வேறு கணக்கு. எனக்கு அதில் இன்னும் தெளிவில்லை, யோசித்துவிட்டு எழுதுகிறேன்.